நாளைக் காலை டிபனுக்கு மாவு: ஒரு தேவையிலிருந்து தொழில் யோசனைகளை விரிக்கும் மனவரைபடம்

தொழில் தொடங்க யோசனை தேடுகிறவர்களிடம் "மனவரைபடம் போட்டுப் பாருங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிப் போடுவது என்று சொல்பவர்கள் குறைவு. அதனால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: தாளின் நடுவில் "என் தொழில்" என்று ஒரு வட்டம், சுற்றிலும் முதலீடு, விளம்பரம், ஆட்கள், தரம் என்று நாலைந்து கோடுகள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதிலிருந்து புதிதாக ஒரு யோசனையும் வராது. ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட ஒரு தொழிலின் வேலைப் பட்டியலைத்தான் வட்டமாக எழுதியிருக்கிறோம்.

மனவரைபடத்தின் உண்மையான பயன், தொழில் என்னவென்று முடிவாவதற்கு முந்தைய கட்டத்தில்தான் இருக்கிறது. மக்களுக்கு அன்றாடம் இருக்கும் ஒரு தேவையை எடுத்து, அதற்குள் எத்தனை தொழில்கள் ஒளிந்திருக்கின்றன என்று விரித்துப் பார்ப்பது முதல் பாதி. விரிந்ததில் எதைக் கையில் எடுப்பது என்று வட்டமிடுவது இரண்டாம் பாதி. இரண்டையும் நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தேவையை வைத்தே பார்க்கலாம்: நாளைக் காலை இட்லி தோசைக்கு மாவு.

பட்டியல் ஏன் போதாது

வீட்டுப் பெரியவர்களிடம் சொந்தக்காரர்கள் பெயரைக் கேட்டு வரிசையாக எழுதினால், இருபது முப்பது பெயரோடு நின்றுபோகும். அதையே வம்சாவளியாக, தாத்தாவுக்குக் கீழே பிள்ளைகள், பிள்ளைகளுக்குக் கீழே பேரப்பிள்ளைகள் என்று கிளை போட்டு எழுதினால் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். "பெரியப்பாவுக்கு இன்னொரு மகள் உண்டே, அவள் எங்கே?" என்று வெற்றிடம் தானாகக் கண்ணில் படும். ஒவ்வொரு பெயரும் தனக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்க வைக்கிறது.

மனவரைபடம் வேலை செய்வதும் இப்படித்தான். நம் நினைவு ஒன்றைத் தொட்டு இன்னொன்றாக நகர்வது. மாவு என்றதும் கிரைண்டர் நினைவுக்கு வரும், கிரைண்டர் என்றதும் கல், கல் என்றதும் கல் கொத்துதல். மாவிலிருந்து மூன்றே அடியில், "மாவு வியாபாரம்" என்று யோசித்திருந்தால் எட்டிப் பார்த்திருக்க முடியாத ஒரு தொழிலுக்கு வந்துவிட்டோம். பட்டியலில் எல்லா வரியும் தலைப்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். வரைபடத்தில் ஒவ்வொரு சொல்லும் புதிய தலைப்பாகிறது.

இனி மூன்று சொற்கள் அடிக்கடி வரும். தாளின் நடுவில் எழுதும் தேவை மையம். அதிலிருந்தும் ஒன்றிலிருந்து ஒன்றாகவும் பிரியும் கோடுகள் கிளைகள். ஒரு கிளை மேலும் பிரியாமல், "இதைச் செய்து விற்கலாம்" என்று சொல்லக்கூடிய இடத்தில் முடிந்தால் அது நுனி. நாம் தேடுவது நுனிகளை.

மையத்தில் தேவையை எழுதுங்கள், பொருளை அல்ல

எல்லாப் பிழைகளிலும் பெரியது மையத்தில் நடப்பது. "மாவு பாக்கெட் வியாபாரம்" என்று எழுதினால் கிளைகள் பாக்கெட் அளவு, விலை, லேபிள், கடைகள் என்றுதான் வரும். "நாளைக் காலை டிபனுக்கு மாவு தயாராக இருக்க வேண்டும்" என்று எழுதினால் ஊறவைப்பது, அரைப்பது, புளிப்பது, வைத்திருப்பது என்று முழு வேலையும் திறந்துகொள்ளும். பாக்கெட் அந்த வேலைக்கு ஒரு விடை மட்டுமே. விடையை நடுவில் வைத்துவிட்டால் மற்ற விடைகள் தாளுக்குள் வரவே இடமில்லை.

தேவையின் அளவும் சரியாக இருக்க வேண்டும். "உணவு" என்று எழுதினால் எல்லாமே அடங்கும், அதனால் எதுவும் துலங்காது. "பாக்கெட்டின் வாயைக் கட்டுவது" என்று எழுதினால் மூன்று கோட்டில் வற்றிவிடும். சரிபார்க்க எளிய வழி உண்டு: இந்தத் தேவை நேற்று யாருக்கு, எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்ல முடிகிறதா? "நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு எதிர் வீட்டு அக்கா கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்" என்று சொல்ல முடிந்தால் அளவு சரி.

தாள் பெரிதாக வேண்டும். ஏ3 தாள் இல்லையென்றால் பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் போதும். படுக்கைவாக்கில் வைத்து, பென்சிலால், ஒரு கோட்டில் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் போகாமல் எழுதுங்கள். 25 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஏழெட்டு நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்தவை தீர்ந்து, கை நின்றுவிடும். பலர் அங்கேயே முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அடுத்தவருக்குத் தோன்றாதது அந்தத் தேக்கத்துக்குப் பிறகுதான் வரத் தொடங்கும்.

முதல் சுற்று: வேலை நடக்கும் வரிசை

மையத்தைச் சுற்றி முதலில் எதை எழுதுவது? தோன்றியதை எழுதுவதைவிட, அந்த வேலை நடக்கும் வரிசையை எழுதுவது நல்லது. வரிசையில் ஒரு கட்டம் விடுபட்டால் உடனே தெரிந்துவிடும். நம் மாவுக்கு ஐந்து கிளைகள்: ஊறவைத்தல், அரைத்தல், புளித்தல், வைத்திருத்தல், மீந்த மாவு.

ஐந்தாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் மூன்றாம் நாள் புளித்துப்போன மாவைப் பணியாரமாகவும் ஊத்தப்பமாகவும் தீர்ப்பது நம் வீடுகளில் வாராவாரம் நடக்கும் வேலை. வேலையின் கடைசிக் கட்டம் வரை போய் எழுதுவது அதற்காகத்தான்.

அடுத்த சுற்றுகள்: யார், எங்கே தடங்கல், இப்போது என்ன செய்கிறார்

முதல் சுற்றுக் கிளை ஒவ்வொன்றிலும் இனி இதே மூன்று கேள்விகளைத்தான் கேட்கப் போகிறோம். இதை யார் செய்கிறார்? எங்கே மாட்டிக்கொள்கிறார்? மாட்டிக்கொண்டால் இப்போது எப்படிச் சமாளிக்கிறார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும் இடத்தில் பெரும்பாலும் ஒரு நுனி இருக்கும், ஏனென்றால் மக்கள் ஏதோ ஒரு வழியில் சமாளிக்கும் இடம் என்றால் அங்கே உண்மையான தேவை இருக்கிறது.

அரைத்தல் கிளையை எடுப்போம். "யார்" என்று கேட்டால் மூன்று பேர் வருகிறார்கள். ஒருவர், தனியாகவோ இரண்டு பேராகவோ குடியிருப்பவர். அவருக்குத் தேவை ஒரு டம்ளர் அரிசி மாவு. அவ்வளவு சிறிய அளவை இரண்டு லிட்டர் கிரைண்டரில் போட்டால் கல்லில் சரியாகச் சிக்காது, அரைப்பதைவிடக் கழுவுவது அதிக வேலை. மிக்ஸியில் போட்டால் சூடேறி உளுந்து பொங்காது. அதனால் கடையில் வாங்குகிறார், அல்லது ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் தூக்கிக்கொண்டு "மாவு அரைத்துத் தரப்படும்" என்று பலகை போட்ட கடைக்குப் போகிறார். இங்கே ஒரு நுனி: வீட்டிலிருந்து ஊறவைத்ததை வாங்கிப் போய், அரைத்துத் திருப்பித் தருவது.

இரண்டாமவர், பத்து வருடமாக ஒரே கிரைண்டர் வைத்திருப்பவர். கல் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டால் அரைக்க நேரம் கூடும், மாவு கைக்குச் சூடாகத் தெரியும், அரிசி நறநறவென்று நிற்கும். கல்லைக் கொத்தினால் சரியாகிவிடும். கொத்துகிறவர் தெருவுக்கு எப்போது வருவார் என்று தெரியாததால், பலர் அப்படியே ஓட்டுகிறார்கள். இன்னொரு நுனி: கல் கொத்துதலும் கிரைண்டர் பழுதும்.

மூன்றாமவர்தான் நாம் எளிதில் மறக்கும் ஆள்: தெருமுனை டிபன் கடைக்காரர். ஒரு இட்லிக்குச் சுமார் 50 கிராம் மாவு என்றால், நாளுக்கு 200 இட்லி விற்பவருக்கு 10 கிலோ மாவு வேண்டும். நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அது ஏறக்குறைய 3.2 கிலோ அரிசி, 800 கிராம் உளுந்து, மீதி தண்ணீர். இதைப் பகல் முழுக்கக் கடையில் நின்ற பிறகு, சாயங்காலம் அவரோ அவர் மனைவியோ அரைக்கிறார்கள். மாவு அரைக்கும் ஆள் ஒருநாள் வரவில்லையென்றால் மறுநாள் கடை இல்லை. மூன்றாவது நுனி: சிறு டிபன் கடைகளுக்கு மாவு. அதை முதலில் எழுதும்போது "விடியற்காலையில் மாவு" என்றுதான் தோன்றும். அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புளித்தல் கிளையில் "எங்கே தடங்கல்" என்ற கேள்வி நம்மை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகும். மாவில் உள்ள நுண்ணுயிரிகள் அதன் சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகின்றன. வாயுவால் மாவு பொங்குகிறது, அமிலத்தால் புளிக்கிறது. 30 டிகிரி வெப்பத்தை ஒட்டி இருந்தால் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் இது நன்றாக நடக்கும். மே மாதச் சென்னையில் இரவு வைத்தது விடிவதற்குள் பொங்கி வழியும், புளிப்பும் கூடும். மார்கழி ஊட்டியில் விடிந்தும் மாவு வைத்தபடியே இருக்கும். டொரான்டோவில் இருப்பவர்கள் ஓவன் அடுப்புக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாத்திரத்தை உள்ளே வைக்கிறார்கள். இது சமாளிப்பு. அங்கே நுனி: இளஞ்சூட்டை ஒரே சீராக வைக்கும் சிறு பெட்டி.

வைத்திருத்தல் கிளையில் பாக்கெட் மாவு தானாக வந்து உட்காரும். குளிர்பெட்டியிலும் மெதுவாகப் புளித்துக்கொண்டே இருப்பதால் பாக்கெட் உப்புவதும், மூன்றாம் நான்காம் நாளில் தோசைக்கு மட்டுமே ஆவதும் அங்கே வரும் தடங்கல்கள். மற்ற கிளைகளை இதே மாதிரி நீங்களே ஓட்டிப் பார்க்கலாம்.

இதுவரை செய்தது: நடுவில் ஒரு தேவை, சுற்றிலும் வேலையின் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஆள், தடங்கல், சமாளிப்பு. நுனியில் விற்கக்கூடிய ஏதோ ஒன்று. இந்தக் கட்டத்தில் எதையும் நல்லது கெட்டது என்று சொல்லக் கூடாது. "இது நடக்காது" என்று ஒரு நுனியை வெட்டினால், அதிலிருந்து பிரிய இருந்த அடுத்த இரண்டும் சேர்ந்து போய்விடும்.

படம் கெடுவதை எப்படிக் கண்டுபிடிப்பது

எழுதி முடித்ததும் தாளைக் கைநீட்டுத் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் அடர்ந்து, மறுபக்கம் காலியாக இருந்தால், உங்களுக்குப் பழக்கமான கட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். சமைப்பவர்கள் போட்ட படத்தில் புளித்தல் பெருத்திருக்கும், கடை வைத்திருப்பவர்கள் போட்டதில் வைத்திருத்தல் பெருத்திருக்கும். காலியான பக்கத்துக்கு ஐந்து நிமிடம் தனியாக ஒதுக்க வேண்டும்.

அடுத்து நுனிகளைப் படியுங்கள். "தரமான மாவு", "ஆரோக்கியம்", "நியாய விலை" என்று குணங்களாக இருந்தால் அவை நுனிகள் அல்ல. யாருக்கு எதைக் கொடுத்துக் காசு வாங்குவோம் என்று அவற்றால் சொல்ல முடியாது. "சர்க்கரை உள்ளவர்களுக்கு வரகு இட்லி மாவு" என்றால் ஆளும் பொருளும் வந்துவிடுகின்றன, அது நுனி.

மூன்றாவதாக, ஒரே ஆளோ ஒரே பொருளோ இரண்டு கிளைகளில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் இரண்டையும் புள்ளிக்கோட்டால் இணையுங்கள். இதற்குப் பெயர் குறுக்கிணைப்பு. நம் படத்தில் டிபன் கடைக்காரர் ஒரு கிளையில், தேய்ந்த கல் இன்னொரு கிளையில். ஆனால் அந்தக் கடைக்காரரிடமும் கிரைண்டர் உண்டு, அது தினமும் ஓடுகிறது, அதன் கல் வீட்டுக் கல்லைவிட வேகமாகத் தேயும். இந்த ஒரு புள்ளிக்கோடு அடுத்த கட்டத்தில் ஒரு நுனியைக் காப்பாற்றப் போகிறது.

வட்டமிடுதல்: நாலு கேள்வி, ஒரு விதி

இப்போது வேறு நிறப் பேனா. முடிந்தால் வேறு நாள். விரிக்கும் மனநிலையிலேயே தேர்ந்தெடுத்தால், கடைசியாகத் தோன்றியதோ நமக்கு மிகவும் பிடித்ததோதான் வட்டத்துக்குள் போகும். ஒவ்வொரு நுனிக்கும் நாலு கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போடுங்கள்.

1. இதற்காக அந்த ஆள் இப்போதே காசோ நேரமோ தூக்கமோ செலவழிக்கிறாரா?
2. இந்தத் தேவை எவ்வளவு அடிக்கடி வருகிறது?
3. அந்த ஆளை நான் இந்த வாரமே நேரில் போய்ப் பார்க்க முடியுமா?
4. இப்போதைய வழியில் அவருக்குக் குறை இருக்கிறதா?

விதி இதுதான்: மொத்தம் எவ்வளவு வந்தாலும், ஒரு கேள்வியில் பூஜ்யம் வாங்கிய நுனியை வட்டமிடக் கூடாது. மூன்று கேள்வியில் வாங்கிய நல்ல மதிப்பெண் அந்த ஓட்டையை அடைக்காது.

மதுரையில் இருக்கும் ஒருவர் இந்தப் படத்தைப் போட்டதாக வைத்துக்கொள்வோம். பாக்கெட் மாவுக்கு 2, 2, 2, 0. காசு கொடுக்கிறார்கள், அடிக்கடி வாங்குகிறார்கள், தெருவெல்லாம் ஆள் இருக்கிறார்கள். ஆனால் நாலாவது கேள்வியில் விழுகிறது. 2005-இல் பெங்களூரில் தொடங்கிய ஐடி ஃபிரெஷ் போன்ற பெரிய நிறுவனங்கள் ஒரு பக்கம், தெருவுக்குத் தெரு உள்ளூர் மாவுக்காரர்கள் மறுபக்கம். வாங்குகிறவர் தன் கடைக்காரரை மாற்ற வலுவான காரணம் தெரியவில்லை. எல்லோருக்கும் முதலில் தோன்றும் நுனி என்பதாலேயே அங்கே கூட்டம்.

இளஞ்சூட்டுப் பெட்டிக்கு 1, 2, 0, 2. குளிர் நாட்டில் இருப்பவரை மதுரைக்காரர் இந்த வாரம் பார்க்க முடியாது. இதே படத்தை டொரான்டோவில் இருப்பவர் போட்டால் மூன்றாவது கேள்விக்கு 2 வந்துவிடும், நுனி வட்டத்துக்குள் போகும். தாளைக் கையில் வைத்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்து வட்டம் மாறும். அதனால்தான் அடுத்தவர் வட்டமிட்ட படத்தைக் கடன் வாங்கிப் பயனில்லை.

வீட்டுக் கிரைண்டர் கல் கொத்துதலுக்கு 1, 0, 2, 2. ஒரு முறை கொத்தினால் நெடுநாள் வரும், அதனால் இரண்டாவதில் பூஜ்யம். ஆனால் புள்ளிக்கோட்டின் வழியே போய், டிபன் கடைக் கிரைண்டர்களுக்கு என்று மாற்றி எழுதினால் 2, 1, 2, 1. மொத்தம் 6, பூஜ்யம் இல்லை. வட்டமிடலாம். ஊறவைத்ததை வாங்கிப் போய் அரைத்துத் தருவது 1, 1, 2, 1 என்று 5 வாங்குகிறது. டிபன் கடைகளுக்கு மாவு 2, 2, 2, 1 என்று 7.

மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏழெட்டு வட்டம் போட்டிருந்தால் தேர்ந்தெடுக்கவே இல்லை என்று பொருள்.

சுருக்கமாக: வட்டம் என்பது "எனக்குப் பிடித்தது" என்ற குறி அல்ல. "இதை முதலில் வெளியே போய்க் கேட்டுப் பார்க்கப் போகிறேன்" என்ற குறி.

வட்டத்துக்குப் பிறகு ஒரு வாரம்

மதிப்பெண்கள் நாமே போட்டவை, அதனால் அவை ஊகம்தான். 7 வாங்கிய நுனியை எடுத்து ஐந்து டிபன் கடைகளுக்குப் போக வேண்டும். "மாவு கொடுத்தால் வாங்குவீர்களா" என்று கேட்டால் மரியாதைக்கு "கொடுங்க தம்பி, பார்ப்போம்" என்பார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நடந்ததைக் கேளுங்கள்: நேற்று எத்தனை மணிக்கு அரைத்தீர்கள், யார் அரைத்தார், கடைசியாக எப்போது மாவு சொதப்பியது, அன்றைக்கு என்ன செய்தீர்கள்?

இப்படிக் கேட்கும்போதுதான் தாளில் எழுதிய "விடியற்காலையில் மாவு" தவறு என்று தெரியவரும். பொங்கிய மாவை வண்டியில் ஆட்டிக்கொண்டு போனால் வாயு வெளியேறி அமுங்கிவிடும், இட்லி கல்லாகும். மாவை அரைத்த கையோடு மாலை ஆறு ஏழு மணிக்கே கொண்டுபோய், கடையில் உள்ள பாத்திரத்தில் பாதி அளவுக்கு மேல் நிரப்பாமல் ஊற்றி, அங்கேயே இரவில் புளிக்க விட வேண்டும். நேரம் மாறுகிறது, வண்டி மாறுகிறது, பாத்திரம் யாருடையது என்ற கேள்வி புதிதாக வருகிறது. தாளில் "விடியற்காலை"யை அடித்து "மாலை" என்று எழுதி, பக்கத்தில் "பாத்திரம்" என்று ஒரு புதிய கிளை போடுங்கள்.

பிறகு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, இரண்டே கடைகளுக்கு ஆளுக்கு 5 கிலோ வீதம் ஏழு நாள், காசு வாங்கிக்கொண்டு கொடுத்துப் பாருங்கள். இலவசமாகக் கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, அதனால் அதிலிருந்து எதுவும் தெரியாது. 5 கிலோ என்பது 200 இட்லிக் கடைக்குப் பாதி மாவு, மீதியை அவர் வழக்கம்போல் அரைத்துக்கொள்வார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட அவருக்கும் வசதி, ஒருநாள் நம் மாவு சொதப்பினாலும் அவர் கடை நிற்காது.

எப்போது வட்டத்தை அழிப்பது என்பதை முதல் நாளே தாளின் ஓரத்தில் எழுதிவிட வேண்டும். உதாரணமாக: எட்டாம் நாள் இரண்டு கடையும் தாங்களாகக் கூப்பிட்டு மாவு கேட்காவிட்டால் இந்த வட்டம் போகும், 6 வாங்கிய கல் கொத்தும் நுனிக்கு நகர்வேன். அந்த நுனிக்கு ஆள் தேட வேண்டியதில்லை. இந்த ஒரு வாரத்தில் பார்த்த கடைகளில் யாருடைய கல் வழுவழுத்திருக்கிறது என்பது அதற்குள் தெரிந்திருக்கும்.